தொட்டுக்கொண்டிருப்பது ஏன் வேகமாக இல்லை?

கேள்வி: செல்கள் நேரடியாகத் தொட்டுக்கொண்டு பேசும் சமிக்ஞைக்குப் பயணத் தூரமே இல்லை. அப்படியானால் செல் சமிக்ஞையின் நான்கு வகைகளிலும் அதுதானே வேகமானதாக இருக்க வேண்டும்? நரம்புச் செல் அடுத்த செல்லோடு பேசும் சந்திப்பான சினாப்ஸ்தான் வேகமானது என்று பாடநூல் சொல்கிறது. எது சரி?

பதில்: பாடநூல் சொல்வது சரி. ஆனால் தூரம் குறைந்தால் வேகம் கூடும் என்ற உங்கள் எண்ணத்துக்கு அந்தப் பாடநூல்களும் ஓரளவு பொறுப்பு. தொடுகை, பக்கத்துச் செல்களுக்கு விரவிச் செல்லும் பாராகிரைன், நரம்பின் சினாப்ஸ், இரத்தத்தில் செல்லும் என்டோகிரைன் ஆகிய நான்கு வகைகளையும் ஒரே அட்டவணையில் அடுக்கி, தூரத்துக்கு ஒரு கட்டமும் வேகத்துக்கு ஒரு கட்டமும் ஒதுக்கிவிட்டால், படிப்பவர் இரண்டையும் தாமாகவே ஒரே கோட்டில் இணைத்துவிடுவார். சமிக்ஞை போய்ச் சேர எடுக்கும் நேரமும், சேர்ந்த இடத்தில் செல் பதில் தர எடுக்கும் நேரமும் தனித்தனியானவை. இவற்றைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் குழப்பம் தீரும்.

முதலில் போய்ச் சேரும் நேரத்தைப் பார்ப்போம். ஒரு மூலக்கூறு நீரில் தானாகவே விரவிச் செல்லும்போது, தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிறது. ஒரு செல்லின் அகலமான சுமார் 10 மைக்ரோமீட்டரைக் கடக்க, ஒரு சிறிய மூலக்கூறுக்கு ஏறத்தாழ 0.1 நொடி போதும். அதே மூலக்கூறு 1 மில்லிமீட்டரைக் கடக்க சுமார் 17 நிமிடமும், 1 சென்டிமீட்டரைக் கடக்க ஒரு நாளுக்கு மேலும் ஆகும். 1 மீட்டர் என்றால் கணக்கு முப்பது ஆண்டுகளைத் தாண்டுகிறது. புரத மூலக்கூறுகள் இன்னும் மெதுவாகவே நகரும். பாராகிரைன் சமிக்ஞை பக்கத்துச் செல்களோடு நின்றுவிடுவதற்கு முதற்காரணம் இந்தக் கணக்குதான். அதற்குள் அந்த மூலக்கூறைச் செல்கள் உள்ளிழுத்துக்கொள்ளும், நொதிகள் சிதைத்துவிடும், அல்லது செல்களுக்கு இடையிலுள்ள வலைப்பொருள் பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு சில நொடிகளிலேயே அழிந்துவிடுகிறது. அந்தச் சில நொடிகளுக்குள் பக்கத்தில் இருக்கும் தசைச் செல்லை எட்டி அதைத் தளர்த்திவிடுவதால், அதன் வேலைக்கு அந்த ஆயுளே போதுமானதாக இருக்கிறது.

தொலைவில் உள்ள செல்லை எட்ட வேண்டுமானால் விரவலை நம்பியிருக்க முடியாது. அதற்கு உடல் இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. ஒன்று இரத்த ஓட்டம். ஓய்வில் இருக்கும் வளர்ந்த மனிதரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. உடலில் உள்ள மொத்த இரத்தமும் அதே அளவுதான். ஆகவே, அட்ரினல் சுரப்பி வெளியிடும் அட்ரினலின் சுமார் ஒரு நிமிடத்துக்குள் உடலைச் சுற்றிவிடும். இதுதான் என்டோகிரைன் வழி. வேகம் நிமிடக் கணக்கில் இருந்தாலும், இதற்குக் கொடுக்கும் விலை நீர்த்துப்போவது. இரத்தத்தில் ஹார்மோன்களின் செறிவு பெரும்பாலும் லிட்டருக்கு ஒரு மோலின் பத்துக் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே அவற்றைப் பிடிக்கும் செல் புரதங்களான ஏற்பிகள் மிகச் சிறிய அளவையும் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது; இறுகப் பிடிப்பவை விரைவில் விடுவதில்லை.

மற்றொரு வழி நரம்பு. சினாப்ஸின் தூரம் மிகக் குறைவு என்று எழுதும் நூல்களும், நரம்புச் சமிக்ஞை நெடுந்தூரம் செல்வது என்று எழுதும் நூல்களும் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றலாம். இரண்டும் சரியே. நெடுந்தூரத்தை மின்துடிப்பு கடக்கிறது. வேகமான நரம்பிழைகளில் அது நொடிக்கு 100 மீட்டர் வரை ஓடும். வேதிப்பொருள் கடப்பது கடைசியில் எஞ்சும் சுமார் 20 நானோமீட்டர் இடைவெளியை மட்டுமே. மேலே சொன்ன கணக்கின்படி, அதற்கு ஒரு மைக்ரோநொடிகூட ஆகாது.

ஆனால் சினாப்ஸின் அளக்கப்பட்ட தாமதம் ஏறத்தாழ அரை மில்லிநொடி, அதாவது விரவலுக்கு ஆகும் நேரத்தைப் போல ஆயிரம் மடங்கு. தவளையின் நரம்புத்தசைச் சந்திப்பில் இதை நுட்பமாக அளந்த பெர்னார்ட் காட்ஸும் ரிக்கார்டோ மிலெடியும் 1965இல் வெளியிட்ட முடிவு, தாமதத்தின் பெரும்பகுதி வெளியேற்றத்திலேயே கழிகிறது என்பதாகும். துடிப்பு நரம்பின் நுனிக்கு வந்ததும் கால்சியம் வாயில்கள் திறக்க வேண்டும், கால்சியம் உள்ளே பாய வேண்டும், நரம்பின் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலின் நிறைந்த பைகள் சவ்வோடு இணைந்து வெடிக்க வேண்டும். மிகக் குறைந்த தூரம் கொண்ட சினாப்ஸில்கூட நேரத்தைத் தின்பது பயணம் அன்று என்பதைக் கவனியுங்கள்.

எஞ்சிய வேகத்தைத் தருவது ஏற்பி. எலும்புத்தசையில் அசிட்டைல்கோலினைப் பிடிக்கும் ஏற்பியே ஓர் அயனி வாயிலாகவும் இருக்கிறது. பிடித்த உடனேயே திறந்து, மில்லிநொடிக்குள் மின்மாற்றத்தை உண்டாக்குகிறது. இதே அசிட்டைல்கோலினை வேகஸ் நரம்பு இதயத்தில் வெளியிடும்போது, அங்குள்ள ஏற்பி வாயிலாக இல்லாமல் செல்லுக்குள் செய்தி கடத்தும் ஜி புரதத்தின் வழியே வேறொரு வாயிலைத் திறக்கச் சொல்கிறது. அதனால் இதயத்தின் பதில் தொடங்கவே பல பத்து மில்லிநொடிகள் ஆகின்றன. மூலக்கூறு ஒன்றே, வெளியிடுவது இரண்டு இடத்திலும் நரம்புதான். வேகத்தை மாற்றியது ஏற்பி.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வரலாம். தொடுகை சார்ந்த சமிக்ஞைக்கு நன்கு ஆராயப்பட்ட உதாரணம் நாட்ச் என்னும் ஏற்பி. பக்கத்துச் செல்லின் சவ்வில் பதிந்துள்ள டெல்டா என்ற புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. டெல்டாவைத் தன் செல் உள்ளிழுக்கும்போது நாட்ச் இழுபட்டு, அதுவரை மறைந்திருந்த வெட்டுமிடம் வெளிப்படுகிறது. ஒரு நொதி செல்லின் வெளிப்புறத்தில் வெட்ட, காமா சீக்ரட்டேஸ் என்னும் மற்றொரு நொதி சவ்வுக்குள்ளேயே வெட்டுகிறது. அறுபட்ட உள்துண்டு உட்கருவுக்குப் போய், குறிப்பிட்ட ஜீன்களைப் படியெடுக்கச் செய்கிறது. அந்தப் படிகளிலிருந்து புதிய புரதம் சேர வேண்டும். பற்றிக்கொள்வதற்குத் தூரமே இல்லாதபோதிலும், முழுப் பதிலுக்கு அரை மணி முதல் சில மணி நேரம் ஆவது இதனால்தான். வெட்டப்பட்ட நாட்சை மறுபடியும் பயன்படுத்தவும் முடியாது.

இதிலிருந்து தொடுகை என்றாலே மெதுவானது என்று அடுத்த விதியை உருவாக்கிவிடாதீர்கள். நோய் எதிர்ப்புச் செல்லான டி செல் மற்றொரு செல்லைத் தொட்டு அடையாளம் கண்டதும், டி செல்லுக்குள் கால்சியம் உயர்வது ஒரு நிமிடத்துக்குள் நடந்துவிடும். அந்த டி செல் பிரிந்து பெருகுவதற்கோ ஒரு நாளுக்கு மேலாகும். ஹார்மோன்களிலும் இப்படித்தான்: அட்ரினலின் நொடிகளிலும் நிமிடங்களிலும் வேலை செய்கிறது, ஜீன்களின் வழியே செயல்படும் ஆல்டோஸ்டீரோனின் விளைவு தெரிய ஒரு மணி நேரமாவது ஆகும். இரண்டும் ஒரே சுரப்பியிலிருந்து, ஒரே இரத்தத்தில் பயணம் செய்தவை.

ஒரு விளைவு தொடுகையால் வருகிறதா, பாராகிரைன் வழியே வருகிறதா என்பதை வேகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் போவதற்கும் காரணம் இதுவே. ஆய்வகத்தில் இதைப் பிரித்தறிய, மூலக்கூறுகள் கடக்கக்கூடிய, ஆனால் செல்கள் கடக்க முடியாத நுண்துளைச் சவ்வை இரண்டு வகைச் செல்களுக்கும் நடுவே வைக்கிறார்கள். சவ்வு வைத்த பிறகும் விளைவு தொடர்ந்தால், ஏதோ ஒரு பொருள் கரைந்து வந்து சேர்கிறது. விளைவு நின்றுபோனால் தொடுகை என்று கருத இடமுண்டு. ஆனால் அரை வாழ்வுக் காலம் மிகக் குறைவான பொருளோ, செல்லை விட்டு நெடுந்தூரம் விரவாத பொருளோ சவ்வு உண்டாக்கிய கூடுதல் தூரத்திலேயே தொலைந்துபோயிருக்கலாம். ஆகவே, சவ்வை எடுத்துவிட்டு, சந்தேகிக்கப்படும் ஏற்பியை மட்டும் தடுத்து மறுபடியும் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.