ஃபோம் ஒட்டியும் அடங்காத ‘டம் டம்’

கேள்வி: ஹால் மூலையில் டிவி, ஸ்பீக்கர்கள், சப்வூஃபர் வைத்திருக்கிறேன். சுவரில் ஃபோம் ஒட்டியும், இரவில் படம் போட்டால் பக்கத்து வீட்டில் ‘டம் டம்’ என்று கேட்கிறதாம். அடுத்த அறையில் தூங்கும் குழந்தையும் விழித்துக்கொள்கிறாள். சத்தத்தைக் குறைத்தால் வசனம் புரியவில்லை. என்ன செய்வது?

பதில்: ஃபோமின் வேலையே வேறு. அறைக்குள் எதிரொலியை, அதிலும் முக்கியமாகக் கீச்சென்ற ஒலிகளை, அது உறிஞ்சும். சுவரைத் தாண்டுவதைத் தடுக்க எடை வேண்டும். அது ஃபோமில் கிடையாது. உங்கள் தொல்லை பேஸ் என்னும் தாழ்ந்த, கனமான ஒலி. 40 ஹெர்ட்ஸ் ஒலியில் ஓர் அலையே சுமார் எட்டரை மீட்டர் நீளம். இரண்டு அங்குல ஃபோம் அதை என்ன செய்துவிட முடியும்?

அந்த பேஸ் எந்த வழியாகப் போகிறது என்று முதலில் பாருங்கள். பகலில், குழந்தையின் அறையில் ஒருவரை நிற்கவைத்து, அதிரடியான ஒரு காட்சியை ஓடவிடுங்கள். அப்புறம் சப்வூஃபரைத் தடித்த மெத்தைத் துண்டின் மேல் வைத்து, அதே காட்சியை அதே அளவில் மறுபடி போடுங்கள். பெட்டியின் அடிப்பக்கம் பார்த்த ஸ்பீக்கரோ காற்றுத் துளையோ இருந்தால் அதை மட்டும் அடைத்துவிடாதீர்கள். இடி நன்றாகக் குறைந்தால், அதிர்வு தரை வழியாகப் போயிருக்கிறது. கீழே ரப்பரும் ஃபோமும் சேர்ந்த ஐசோலேஷன் பேட் ஒன்று போட்டால் போதும். மாற்றமே இல்லையென்றால் காற்று வழியாக வந்து சுவரையே அதிரவைக்கிறது. அதற்குப் பேட் வாங்குவது வீண் செலவு.

அப்படியானால் சப்வூஃபரை மூலையிலிருந்து வெளியே இழுங்கள். மூலையில் இருக்கும்போது இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸை ஏற்றிவிடும். பொதுச்சுவரை விட்டுத் தள்ளி, நீங்கள் உட்காரும் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தால் குறைந்த ஒலியே உங்களுக்குப் போதும்.

தூங்கும் நேரத்தில் அதை அணைத்தே விடுங்கள் என்பேன். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரின் மெனுவில் சப்வூஃபரை ‘இல்லை’ என்று மாற்றாதீர்கள். மாற்றினால் அந்த பேஸ் முன் ஸ்பீக்கர்களுக்குத் திரும்பிவிடும். அவற்றை Small என்றும் பேஸை சப்வூஃபருக்குப் பிரித்துவிடும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் என்றும் வைத்து, சப்வூஃபரின் பவர் சுவிட்சை மட்டும் அணையுங்கள். 80-க்குக் கீழே உள்ள பெரும்பகுதி எங்கும் ஒலிக்காது.

வசனத்துக்குத் தனி வழி இருக்கிறது. வசனம் பெரும்பாலும் வரும் நடு ஸ்பீக்கரான சென்டர் ஸ்பீக்கரை 3 டெசிபல் ஏற்றி, Night Mode போடுங்கள். முணுமுணுப்புக்கும் வெடிச்சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை அது சுருக்கிவிடும். அதன் பிறகு மொத்த ஒலியைக் குறைத்தாலும் பேச்சு புரியும். சென்டர் இல்லாத செட் என்றால், டிவியில் வசனத்தைத் தூக்கிக் காட்டும் அமைப்பு இருக்கிறதா பாருங்கள்.

குழந்தையின் அறைக் கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். பேச்சுச் சத்தம் குறையும், பேஸ் குறையாது. இத்தனைக்கும் பிறகு பக்கத்து வீட்டில் இடி கேட்டால், தனியாகச் சட்டம் அடித்து எடையான இரண்டாவது சுவர் எழுப்ப வேண்டியதுதான். வாடகை வீட்டில் அது நடக்காது. நள்ளிரவுப் படத்துக்கு ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள்.