நார்வே ஸ்கூல்ல ரெண்டு எழுத்து மொழி: ஓஸ்லோல சரியா இருந்தது வோல்டால ஏன் தப்பாகுது?

"அக்கா, நாங்க ஓஸ்லோல இருந்து வோல்டாவுக்கு வந்துட்டோம். பொண்ணு அஞ்சாங்கிளாஸ். ஓஸ்லோல நார்வே மொழில நல்லா எழுதிட்டிருந்தா, இங்க 'நான்'ங்கறதுக்கு அவ எழுதுற 'யாய்'ங்கற சொல்லையே டீச்சர் அடிச்சு 'ஏக்'னு போடுறாங்க. அவ இத்தனை நாள் கத்துக்கிட்டது தப்பா? பேச்சையும் மாத்தணுமா? ஓஸ்லோ எழுத்துலயே படிக்க வைக்கச் சொல்லி கேக்கலாமா?"

தப்பு இல்லைங்க. அவ எழுதினது பூக்மோல், ஸ்கூல் கேக்கறது நீநோர்ஸ்க், ரெண்டும் நார்வே மொழியோட அரசு ஏத்துக்கிட்ட எழுத்து வடிவங்கள், சட்டப்படி ரெண்டுக்கும் ஒரே மதிப்பு. பூக்மோல்ல 'நான்'னா யாய் மட்டும்தான், நீநோர்ஸ்க்ல ஏக் மட்டும்தான், அதனால டீச்சர் திருத்தினது சரி. ஆனா அந்த சிவப்பு மை சொல்றது "இந்த சொல் இந்த எழுத்து வடிவத்துல சேராது"ன்னு மட்டும்தான். இதை முதல்ல பிள்ளைக்கு நீங்களே சொல்லிடுங்க, ஏன்னா பத்து வயசுப் பிள்ளை "எனக்கு நார்வேஜியனே வரலை"ன்னு முடிவு பண்ணிட்டா அதை மாத்தறது கஷ்டம்.

இந்த ரெண்டு வடிவம் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா எதை விட்டுக்கொடுக்கணும், எதை வெச்சுக்கலாம்னு உங்களுக்கே புரியும். 1814 வரைக்கும் நார்வே டென்மார்க் ராஜாவோட ஆட்சில இருந்துச்சு, சர்ச், கோர்ட், ஸ்கூல் எல்லாத்துலயும் எழுத்து டேனிஷ்தான். ஜனங்க ஊருக்கு ஒரு மாதிரி நார்வே மொழி பேசுவாங்க, பேனாவை எடுத்தா டேனிஷ். தனி நாடாக ஆசை வந்தப்போ நமக்குன்னு எழுத்து எங்கேன்னு கேள்வி வந்துச்சு, அதுக்கு ரெண்டு பேரு ரெண்டு வழி காமிச்சாங்க.

ஒருத்தர் உங்க பக்கத்து ஊர்க்காரர். வோல்டாவுக்கு அடுத்த ஓர்ஸ்டால 1813ல பொறந்த ஈவார் ஓசன், சின்ன விவசாயி வீட்டுப் பையன், பெரும்பாலும் தானே படிச்சவர். 1842ல இருந்து 1846 வரைக்கும் உதவித்தொகை வாங்கிக்கிட்டு ஊர் ஊரா போயி ஜனங்க எப்படி பேசறாங்கன்னு எழுதி எடுத்தார். 1848ல இலக்கணம், 1850ல அகராதி, அப்புறம் ரெண்டையும் திருத்தி 1864லயும் 1873லயும் பெருசா போட்டார். முதல் ரெண்டு புத்தகமும் ஜனங்க பேசறதோட பதிவு, பின்னால வந்த ரெண்டும்தான் "இப்படி எழுதணும்"னு சொல்ற புத்தகங்க. ஒரு மொழி தரப்படுத்தப்படறது நடக்கறது சரியா இந்த எடத்துலதான், பதிவு விதியா மாறுற எடத்துல.

அவர் எப்படி பொறுக்கினார்னு ஒரு சொல்லை வெச்சு பாருங்க. 'புத்தகம்' அவங்களுக்கு 'பூக்', 'அந்தப் புத்தகம்'னு குறிப்பா சொல்லணும்னா கடைசில ஒரு விகுதி வரும், அந்த விகுதி ஒரு பள்ளத்தாக்குல ஆ, இன்னொண்ணுல இ, வேற எடத்துல ஓ, ஏ-ன்னு மாறிக்கிட்டே போகும். இதுல எது அதிகம் பேரு சொல்றாங்கன்னு ஓசன் எண்ணிப் பாக்கலை, எந்த வடிவத்தை வேரா வெச்சா மத்த ஊர் வடிவங்களும், நார்வே மொழிக்கு மூலமான பழைய நோர்ஸ் மொழியும் ஒண்ணா சேருதுன்னு பாத்தார். பழைய நோர்ஸ்ல அங்க 'இன்'னு இருந்துச்சு, அதனால இகரத்தை எடுத்து 'பூகி'ன்னு வெச்சார். இதுல ஒரு விளைவு உண்டு. மேற்கு கடற்கரை, மலைப் பள்ளத்தாக்கு பேச்சுங்க பழைய மொழிக்கு கிட்ட இருந்ததால அவரோட எழுத்தும் அந்தப் பக்கம் சாஞ்சுது, கிழக்கு நகரத்துப் பேச்சு ஓரத்துக்குப் போச்சு. டேனிஷ், ஜெர்மன்ல இருந்து வந்த நிறைய சொல்லை, கிராமத்து ஜனங்களே தினம் பேசிட்டிருந்தாலும் அவர் சேர்க்கலை. அகராதிக்கு உள்ள எது, வெளிய எதுங்கறதுலயே இப்படி ஒரு முடிவு ஒளிஞ்சிருக்கு.

இன்னொருத்தர் க்னூட் க்னூட்சன், ஸ்கூல் வாத்தியார். டேனிஷை ஒரே நாள்ல தூக்கிப் போட முடியாது, நகரத்துல படிச்சவங்க பேசற மாதிரி அதோட ஸ்பெல்லிங்கை கொஞ்சம் கொஞ்சமா மாத்துவோம்னு சொன்னார். அந்த வழிதான் பின்னால 1907ல ஸ்பெல்லிங் சீர்திருத்தமா வந்துச்சு, டேனிஷ் எழுத்துல b, d, g-ன்னு மெலிஞ்ச ஒலியா இருந்த எத்தனையோ சொல்லுல நார்வே வாய் சொல்ற p, t, k-ங்கற வல்லொலியையே எழுதலாம்னு ஆச்சு. பூக்மோல் இந்த வேர்ல இருந்து வந்தது, நீநோர்ஸ்க் ஓசனோட எழுத்துல இருந்து வந்தது. (பூக்மோல், நீநோர்ஸ்க்ங்கற பெயர்கள் 1929ல வெச்சதுதான், அதுக்கு முன்னாடி பூக்மோலை ரிக்ஸ்மோல்னும் நீநோர்ஸ்க்கை லான்ஸ்மோல்னும் சொல்லுவாங்க.)

ஆனா புத்தகம் எழுதினா மட்டும் எழுத்து நிக்காதுங்க, ஸ்கூல் வேணும். 1885ல பார்லிமென்ட் ரெண்டுக்கும் சம அந்தஸ்து குடுத்துச்சு, 1892 சட்டம் எதுல பாடம்னு அந்தந்த ஊர் ஸ்கூல் போர்டே முடிவு பண்ணலாம்னு சொல்லிச்சு. அதுக்கு அப்புறம்தான் ஓசனோட எழுத்து பிள்ளைங்க கைக்கு நெஜமா போச்சு. 1940களோட நடுவுல பிள்ளைங்கள்ல மூணுல ஒரு பங்கு நீநோர்ஸ்க்ல படிச்சாங்க, இன்னைக்கு அது பத்துல ஒண்ணுக்கு கொஞ்சம் மேல, அதுவும் பெரும்பாலும் மேற்கு பக்கம். உங்க வோல்டா அந்த மண்டலத்தோட நடுவுல இருக்கு.

அரசாங்கம் ரெண்டையும் ஒட்டி ஒண்ணாக்கவும் பாத்துச்சு. 1938 சீர்திருத்தத்துல பூக்மோல் பாடப்புத்தகத்துல ஆகார விகுதிய நிறைய சொல்லுல கட்டாயம் ஆக்கினாங்க. ஓஸ்லோல பெற்றோர் கொந்தளிச்சாங்க, 1951ல அதுக்குன்னு இயக்கமே ஆரம்பிச்சு பிள்ளைங்களோட பாடப்புத்தகத்துல இருந்த வடிவங்களை பேனாவால அடிச்சு பழைய வடிவத்தை எழுதிக் குடுத்தாங்க. கடைசில அந்த ஒண்ணாக்கற கொள்கையையே 2002ல கைவிட்டாச்சு. ஆனா அந்தக் காலத்துல சேத்த வடிவங்க முழுசா போகலை, விருப்ப வடிவமா உள்ள தங்கிடுச்சு. உங்க பொண்ணுக்கு இப்ப உதவப்போறது அதுதான்.

எப்படின்னா, பூக்மோல்ல 'அந்தப் புத்தகம்' பூகென்னும் எழுதலாம், பூகான்னும் எழுதலாம். நீநோர்ஸ்க்ல பூகாதான் (ஓசனோட பூகி ரொம்ப நாள் அனுமதில இருந்து 2012ல போயிடுச்சு). 'எறிஞ்சான்'ங்கறது பூக்மோல்ல கஸ்தெட், கஸ்தா ரெண்டுமே சரி, நீநோர்ஸ்க்ல கஸ்தா. ஓஸ்லோல அவ பூகென், கஸ்தெட்னே பழகியிருப்பா. இந்த மாதிரி சொல்லுல ஆகார வடிவத்துக்கு அவ கை பழகிடுச்சுன்னா ரெண்டு எழுத்துக்கும் நடுவுல இருக்கற தூரம் கொறையும், பூக்மோலும் கெடாது. அதே மாதிரி நீநோர்ஸ்க் உள்ளயும் சாய்ஸ் இருக்கு. 'நாங்க'ங்கறதுக்கு மே, வீ ரெண்டுமே சரி, அவளுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச வீ-யையே வெச்சுக்கட்டும். வினைச்சொல்லோட மூல வடிவம் ஆ-ல முடியலாம், எ-ல முடியலாம், பூக்மோல் பழகினவளுக்கு எ-தான் சுலபம். ஆனா ஒரு கட்டுரைக்குள்ள ஒண்ணையேதான் கடைசி வரைக்கும் பிடிக்கணும், கலந்தா மார்க் போகும், நீநோர்ஸ்க்கு புதுசா வர்ற பிள்ளைங்க ரொம்ப வழுக்கற எடம் இது.

விருப்பமே இல்லாம மாத்தித்தான் ஆகணும்ங்கற சொல்லுங்க கொஞ்சம்தான், ஆனா அதுங்கதான் ஒவ்வொரு வரிலயும் வரும்: நான், இல்லை, என்ன, எப்படி, ஒரு, எங்கிருந்து. முதல் ரெண்டு மாசம் இதுங்களை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதி மேசை மேல ஒட்டிடுங்க. சந்தேகம் வந்தா ordbokene.no போங்க, பூக்மோல் அகராதியும் நீநோர்ஸ்க் அகராதியும் பக்கத்து பக்கத்துல காட்டும், இலவசம். சொல்லுக்கு கீழ இருக்கற விகுதி அட்டவணையை திறந்து பாருங்க, ஒரே கட்டத்துல ரெண்டு வடிவம் இருந்தா ரெண்டும் சரி, ஒண்ணு மட்டும் இருந்தா சாய்ஸ் இல்லை. டீச்சர் அடிச்சது எந்த வகைன்னு இதுலயே தெரிஞ்சிடும், அட்டவணைல இருக்கற வடிவத்தை அடிச்சிருந்தா மரியாதையா போய் கேளுங்க, அப்படி அடிக்கறது நடக்கறதுதான், வாத்தியாரும் தன் ஊர் வழக்கத்தை விதின்னு நெனச்சிருப்பாங்க.

பேச்சை மாத்தவே வேண்டாம். நார்வேல பேச்சுக்குன்னு அரசாங்கத் தரம் எதுவும் கிடையாது, பார்லிமென்ட்ல கூட அவங்கவங்க ஊர் பேச்சுதான். பிள்ளைங்களோட பேச்சை ஸ்கூல் மதிக்கணும்னு 1878லயே முடிவு பண்ணியாச்சு, இன்னைய சட்டத்துலயும் வகுப்புல எந்தப் பேச்சு பேசறதுன்னு பிள்ளைதான் முடிவு பண்ணும். அவ ஓஸ்லோ பேச்சுல பேசிட்டு நீநோர்ஸ்க்ல எழுதட்டும். வீட்ல 'வந்துட்டேன்'னு பேசி 'வந்துவிட்டேன்'னு எழுதற தமிழ்ப் பிள்ளைக்கு இது புது பழக்கம் இல்லைங்க. ஆனா யாராவது அவ பேசறதை கிண்டல் பண்ணினா அதை கிளாஸ் டீச்சர்கிட்ட சொல்லணும், அது மொழிப் பிரச்சனையா மட்டும் நிக்காது.

கடைசியா ஓஸ்லோ எழுத்துலயே படிக்க வைக்கக் கேக்கறது. ஒண்ணுல இருந்து ஏழாவது வரைக்கும் ஸ்கூலோட முதன்மை எழுத்து எதுன்னு முனிசிபாலிட்டிதான் தீர்மானிக்கும். ஒரே வகுப்புல, முனிசிபாலிட்டி முழுக்க சேர்த்து, பத்து பிள்ளைங்களாவது வேற எழுத்து வேணும்னு கேட்டா தனி குரூப்புக்கு உரிமை உண்டு, ஆனா வோல்டா மாதிரி சின்ன எடத்துல பத்து பேரை திரட்டறது லேசு இல்லை, திரட்டினாலும் நண்பர்களை விட்டு தனி குரூப்ல போய் உக்காரணும். அஞ்சாங்கிளாஸ்ல ஊர் மாறி வந்த பிள்ளைக்கு நான் அதை சொல்ல மாட்டேன். எட்டாவதுல இருந்து எதுல எழுதறதுன்னு அவளே தேர்ந்தெடுக்கலாம், அந்த எழுத்துல பாடப்புத்தகம் கேக்கற உரிமையும் உண்டு. அதுவரைக்கும் மூணு வருஷம் இருக்கு. பூக்மோல் மறந்துடுமேன்னும் பயப்படாதீங்க, வெளிய வர்ற பேப்பர், கதைப் புத்தகம், டிவி சப்டைட்டில்ல பெரும்பாலானது பூக்மோல்தான். வீட்ல ரெண்டுலயும் கதைப் புத்தகம் லைப்ரரில இருந்து எடுத்து வைங்க, இந்த வாரமே டீச்சரைப் பாத்து வகுப்புல மூல வடிவத்துக்கு ஆ-வா எ-வா எது சொல்லிக் குடுக்கறாங்கன்னும், எ-ல எழுதினா ஏத்துக்குவாங்களான்னும் கேட்டுட்டு வாங்க.