அடிமானம் பின்னமாக இருக்கும் மடக்கை: கேள்வி பதில்

log₁/₂ 8 கணக்குக்கு எனக்கு 3 வருகிறது, விடையில் -3 என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

அச்சுப்பிழை இல்லை, -3 தான் சரி. உங்கள் விடையைத் திரும்ப அடுக்காக வைத்துப் பாருங்கள்: (1/2)³ என்பது 1/8. நமக்கு வேண்டியது 8. அரையை அரையால் பெருக்கப் பெருக்கச் சிறிதாகிக்கொண்டேதான் போகும். எத்தனை முறை பெருக்கினாலும் 8 வராது. அடுக்கு மைனஸில் போனால்தான் பின்னம் தலைகீழாகும். 1/2 = 2⁻¹ என்று எழுதினால் 2⁻ˣ = 2³ ஆகிறது, அதனால் x = -3.

அப்படியானால் அடிமானம் 1ஐ விடச் சிறிதாக இருந்தால் விடை எப்போதும் மைனஸ்தானே?

பாதி சரி. லாக் எடுக்கும் எண் 1ஐ விடப் பெரிதாக இருந்தால்தான் மைனஸ். 1/8க்கு எடுத்தால் விடை 3, மைனஸ் கிடையாது. 1க்கு எடுத்தால் 0. அடிமானமும் எண்ணும் 1க்கு ஒரே பக்கம் இருந்தால் பிளஸ், எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் மைனஸ் என்று பாருங்கள்.

நான் கால்குலேட்டரில் log 8 ÷ 0.5 போட்டேன், 1.806 வந்தது. மைனஸே இல்லையே?

0.5க்கும் லாக் எடுக்க வேண்டும், அதை விட்டுவிட்டீர்கள். log 8 என்பது 0.90309, log 0.5 என்பது -0.30103. வகுத்தால் -3. இந்த மைனஸ் கீழே இருக்கும் அரையிலிருந்துதான் வருகிறது. எண் 8, அடிமானம் அரை, இரண்டும் 1க்கு எதிரெதிர்ப் பக்கம். அதனால் 1.806 தவறு என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

அடிமானம் 2/3 என்றால்? 8ஐ அதன் அடுக்காக எழுத முடியவில்லை.

முழு எண்ணாக வராது. முதலில் மதிப்பிடுங்கள்: (3/2)⁵ ஏறத்தாழ 7.59, (3/2)⁶ ஏறத்தாழ 11.39. எட்டு இவற்றுக்கு நடுவில், ஐந்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே விடை -5ஐக் கொஞ்சம் தாண்டும். கால்குலேட்டர் -5.13 என்று தரும்.

என் கணக்கு வேறு: log₁/₂ x > -3. x > 8 என்று எழுதினேன், மதிப்பெண் போடவில்லை.

x = 16 வைத்துப் பாருங்கள், -4 வருகிறது, அது -3ஐ விடச் சிறியது. x = 4 வைத்தால் -2, அது பொருந்துகிறது. இந்த அடிமானத்தில் x கூடினால் லாக் குறையும், அதனால் லாக்கை எடுத்துவிடும்போது குறி திரும்ப வேண்டும்: x < 8. அதோடு நிறுத்தினாலும் தவறுதான், x பூஜ்ஜியத்தைவிடப் பெரிதாக இருந்தால்தான் லாக்கே உண்டு. விடை 0 < x < 8.

முதலிலேயே எல்லாவற்றையும் அடிமானம் 2க்கு மாற்றிவிட்டால் இந்தக் குழப்பமே வராதே?

நான் அப்படித்தான் செய்வேன்: -log₂ x > -3, அப்புறம் log₂ x < 3. குறி திரும்புவது கண்ணெதிரே நடக்கிறது. ஆனால் நேரடியாகச் செய்தால்தான் அந்தச் சரிவு மனதில் பதியும் என்பவர்களும் உண்டு, அதையும் என்னால் மறுக்க முடியவில்லை.