லித்தியம் சாப்பிடுபவருக்கு பிபி மாத்திரை மாறினால்: வாசகர் கேள்விகள்

அம்மாவுக்கு 61 வயது. பைபோலார் மனநோய்க்கு லித்தியம் 300 மி.கி. காலையில் ஒன்று, இரவில் இரண்டு. ரத்தத்தில் அளவு 0.7தான் இருக்கும். மூன்று வாரம் முன்பு பிபிக்கு ராமிப்ரில்-ஹெச் கொடுத்தார்கள். இப்போது டம்ளரைப் பிடித்தால் காபி சிந்துகிறது. இரண்டு நாளாகப் பேதி வேறு. சேலம் வெயில்தான் காரணமா? (அம்மாபேட்டை வாசகி)

வெயில் என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காமல், இன்றே டாக்டரிடம் கூட்டிப்போய் லித்தியம், கிரியாட்டினின், சோடியம் மூன்றையும் பாருங்கள். பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, ஆள் மந்தமாக இருந்தாலோ நேராக பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

லித்தியம் வெளியேற ஏறக்குறைய ஒரே வழி சிறுநீரகம். அது லித்தியத்தையும் உப்பில் உள்ள சோடியத்தையும் ஏறக்குறைய ஒன்றாகவே நடத்துகிறது. மாத்திரைப் பெயரில் உள்ள அந்த 'ஹெச்' ஹைட்ரோகுளோரோதயசைடு, அதாவது நீர் மாத்திரை. அது உப்பை வெளியே தள்ளும்போது, சிறுநீரகம் இழந்த உப்பைப் பிடித்து வைக்கப் பார்க்கும். கூடவே லித்தியமும் தங்கிவிடும். ராமிப்ரில் சிறுநீரகம் வடிகட்டும் அளவையே குறைக்கக்கூடியது. இரண்டும் சேர்ந்து வெளியேற்றம் பாதியானால், அதே மூன்று மாத்திரையில் 0.7 என்பது 1.4 ஆகிவிடும். 1.5-க்கு மேல் ஆபத்து என்பார்கள்; ஆனால் வயதானவர்களுக்கு அதற்குள்ளேயே நஞ்சாகலாம். பேதியில் நீர் போகப் போக அளவு இன்னும் ஏறும்.

ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து லித்தியம் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கிறேன். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வரலாமா?

வேண்டாம். இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் கணக்கு சரி. இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்குக் கொடுங்கள். காலை மாத்திரையைக் கையில் கொண்டுவந்து பிறகு போடலாம். லித்தியம் ஹெப்பாரின் டியூபில் மட்டும் எடுக்கக் கூடாது என்று லேபில் சொல்லிவிடுங்கள். அந்த டியூபிலேயே லித்தியம் இருப்பதால் அளவு பொய்யாக ஏறித் தெரியும்.

இந்த பிபி மாத்திரைகளைத் தொடங்கும் முன் ஒரு தடவை, பிறகு அளவு நிலைப்படும் வரை வாரம் ஒரு தடவை பாருங்கள். நீர் மாத்திரையின் விளைவு பெரும்பாலும் பத்து நாளுக்குள் தெரியும். ராமிப்ரில், எனாலாப்ரில் சில வாரம் கழித்தும் ஏற்றும். அதனால் முதல் வார ரிப்போர்ட் நன்றாக இருந்தது என்று நிறுத்திவிடாதீர்கள்.

அப்போ பிபிக்கு எதைத்தான் போடுவது?

அம்லோடிபின் பொதுவாக லித்தியம் அளவை ஏற்றாது. டெல்மிசார்டான், லோசார்டான் ஏற்றக்கூடும். மாற்றுவது டாக்டர் வேலை. லித்தியத்தை நீங்களாக ஒரேயடியாக நிறுத்தினால் மனநோய் திரும்பிவிடலாம். இன்னொன்று: பிபி என்றதும் உப்பைத் திடீரென்று அடியோடு குறைத்தாலும் லித்தியம் ஏறும். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக்கும் அப்படித்தான்.