சேர்க்கையை ரத்து செய்தாயிற்று, கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும்?

கல்லூரிக் கணக்குப் பிரிவில் நீண்ட காலம் இருந்தவரிடம் வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: பையன் 9-ம் நாளோடு வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டான். 12-ம் நாள் ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். மெயில் போட்டது 16-ம் நாள். வகுப்பு தொடங்கி 14 நாளுக்குள் விலகினால் 80 சதவீதம், 28 நாளுக்குள் என்றால் 50 சதவீதம் என்று அவர்கள் தளத்தில் போட்டிருக்கிறார்கள். எனக்கு எவ்வளவு வரணும் சார்?

பதில்: முதலில் ரசீதை எடுத்து, எந்தத் தலைப்பில் எவ்வளவு கட்டினீர்கள் என்று பிரித்து எழுதுங்கள். டியூஷன் 80,000, ஹாஸ்டல் 30,000, காஷன் டெபாசிட் 5,000, சேர்க்கைக் கட்டணம் 5,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த 80, 50 எல்லாம் பெரும்பாலும் டியூஷனுக்கு மட்டும்தான். விலகிய தேதி என்று கல்லூரி எடுத்துக்கொள்வது, எழுத்தில் தகவல் போய்ச் சேர்ந்த நாளை. ஆக 16-ம் நாள், 50 சதவீதம், 40,000.

டெபாசிட் முழுசாக வரணும், பாக்கி எதுவும் இல்லாத வரை. ஹாஸ்டலுக்கு விதி தனியாக இருக்கும். 5 மாத வாடகையில் தங்கிய மாதத்தை மட்டும் கழிப்பதாக இருந்தால் 24,000. சேர்க்கைக் கட்டணத்தை மறந்துவிடுங்கள். கூட்டினால் 69,000. 14 நாளுக்குள் மெயில் போயிருந்தால் 93,000. அந்தப் போனுக்குப் பிறகு அவர்கள் ஒரு வரி மெயிலோ மெசேஜோ அனுப்பியிருந்தால் அதை வைத்து 12-ம் நாள் என்று வாதாடலாம். கால் ஹிஸ்டரி மட்டும் இருந்தால் பேசியது நிரூபணம் ஆகும், என்ன பேசினீர்கள் என்பது ஆகாது.

கேள்வி: அவன் வகுப்பில் உட்கார்ந்ததே 9 நாள். மீதி நாளுக்குக் கணக்குப் போட்டுக் கேட்பதுதானே நியாயம்?

பதில்: நியாயம்தான், ஆனால் விதி நாள் கணக்கில் இல்லை, படிப்படியாக இருக்கிறது. “மீதி நாட்களுக்கு” என்று கடிதம் எழுதினால், எங்கள் விதியில் அப்படி இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். அவர்கள் விதியிலேயே நின்று கேளுங்கள்: “இந்தக் கல்வியாண்டுக்கு நீங்கள் வெளியிட்ட கட்டணம் திருப்பித் தரும் விதியின் இந்தப் பிரிவின்படி, என் விலகல் கடிதம் இந்தத் தேதியில் உங்களுக்குக் கிடைத்ததால், எனக்குச் சேரவேண்டியது 69,000. கணக்கு வேறுபட்டால் தலைப்பு வாரியாகக் காட்டவும்.” அந்தக் கடைசி வரிதான் வேலை செய்யும். மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாமல் போகும்.

இன்னொரு வாசகர்: வகுப்புக்கே போகாவிட்டால் எந்தக் கல்லூரியானாலும் முழுப் பணத்தையும் கொடுத்தே ஆகணும்.

பதில்: பாதி சரி. வகுப்பு தொடங்குவதற்கு முன் எழுதிக் கொடுத்தவருக்குப் பல இடங்களில் சின்னப் பிடித்தத்தோடு வந்துவிடும். போகாமல் சும்மா இருந்தவர் அவர்கள் பதிவேட்டில் இன்னும் மாணவர்தான். அவருக்காக ஒரு சீட் காலியாகவே கிடக்கிறது. அவர் நிலைமை, 16-ம் நாள் மெயில் போட்ட முதல் வாசகருடையதைவிட மோசம்.

கேள்வி: நாங்கள் சேர்ந்தபோது இருந்த விதியைத் தளத்தில் மாற்றிவிட்டார்கள். இப்போது 50 சதவீதமே இல்லை!

பதில்: பணம் கட்டிய நாளில் இருந்த விதியைக் கேளுங்கள். சேர்க்கைக் கையேடு PDF உங்கள் மெயிலிலேயே கிடக்கலாம். இல்லாவிட்டால் web.archive.org போய்ப் பழைய பக்கத்தைத் தேடுங்கள். எல்லாப் பக்கமும் அங்கே இருக்காது. கிடைத்தால் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கடிதத்தோடு வையுங்கள். ஆனால் சேர்க்கைப் படிவத்தில் “விதிகள் அவ்வப்போது மாறலாம்” என்று கையெழுத்து போட்டிருந்தால் இழுபறிதான். எப்படி முடியும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

கேள்வி: என் பொண்ணு படிப்பை முடித்து ஒரு வருஷமாச்சு. காஷன் டெபாசிட் வரவே இல்லை, அதையும் இப்படித்தான் கேட்கணுமா?

பதில்: இல்லைம்மா, அது விலகல் விவகாரமே இல்லை. நூலகம், ஆய்வகம், ஹாஸ்டல் மூன்றிலும் நோ டியூஸ் கையெழுத்து ஆகிவிட்டதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் அந்தப் படிவ நகலோடு டெபாசிட் ரசீதைச் சேர்த்துக் கேட்டால் போதும்.

கேள்வி: பணத்தைக் கல்விக் கடனில் கட்டினோம். ஆபீசில் பேங்க்குக்குத்தான் அனுப்புவோம் என்கிறார்கள். அதோடு ஒரு பேப்பரில் கையெழுத்தும் கேட்கிறார்கள்.

பதில்: பேங்க்குக்கு அனுப்புவதில் தப்பில்லை, கட்டியவர் கணக்குக்கே திரும்புவதுதான் வழக்கம். கடன் கணக்கில் வரவு வைத்தாயிற்றா என்று நீங்களே பேங்க்கில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பேப்பரைத்தான் நிதானமாகப் படிக்கணும். “முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை இல்லை” என்று இருந்தால், பணம் வருவதற்கு முன் கையெழுத்து வேண்டாம். அசல் சான்றிதழை வாங்க அது கட்டாயம் என்றால், “தொகை இன்னும் கிடைக்கவில்லை” என்று கையெழுத்துக்குப் பக்கத்திலேயே பேனாவால் எழுதி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள்.