கல்யாணப் பரிசு தாமதம்: பணம் திரும்பக் கேட்கும் கடிதம்

"மயிலாப்பூர்ல 8ஆம் தேதி கல்யாணம். ஆன்லைன்ல வாங்கின குத்துவிளக்கு 11ஆம் தேதிதான் வந்துச்சு. எப்படி எழுதுறது?"

பெட்டியைப் பிரிக்காதீங்க, பிரிச்சா ஏத்துக்கிட்டீங்கன்னு வாதம் பண்ணுவாங்க. இன்னைக்கே மெயில் போடுங்க. கோபத்தை விட தேதிதான் பேசணும்:

"5ஆம் தேதிக்குள் தருவதாக ஆர்டரில் உறுதியளித்தீர்கள். 11ஆம் தேதி வந்தது. திருமணம் 8ஆம் தேதியே முடிந்துவிட்டது. பொருள் இனிப் பயன்படாது. பிரிக்காமல் வைத்துள்ளேன். எடுத்துக்கொண்டு, டெலிவரி கட்டணம் உட்பட முழுத் தொகையையும் 7 நாட்களுக்குள் திருப்பித் தரவும்."

ஆர்டர் எண், வாக்களித்த தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், கல்யாணப் பத்திரிகை மூணையும் இணைங்க. சொன்ன தேதிக்குப் பிந்தி வந்ததைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாதுன்னு 2020 மின்வணிக விதிகள் சொல்லுது. வெள்ளம் மாதிரி காரணம்னா மட்டும் விலக்கு. வெறும் "உத்தேசத் தேதி"ன்னு போட்டிருந்தா உங்க பிடி கொஞ்சம் தளரும். பதில் வரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்க.