ஸ்கிரிப்ட் இருந்தா சிமுலாக்ராவா?

"என் தீசிஸ்ல, ரியாலிட்டி ஷோல ஸ்கிரிப்ட் இருக்குன்னு காட்டிட்டேன், அப்போ சிமுலாக்ராதானே? கைட் தப்புங்கறாங்க."

இல்லங்க, அது வெறும் பொய்தான். பொய்னா பின்னாடி ஒரு நிஜம் இருக்கு. சிமுலாக்ரான்னு பிரெஞ்சுச் சிந்தனையாளர் பூத்ரியார் சொல்றது, நிஜம், பொய்ங்கற அந்தப் பிரிவே செல்லாமப் போற இடம். இன்னொரு பிரெஞ்சுச் சிந்தனையாளர் டெபோரோட கலந்துட்டீங்கன்னு தோணுது, அவருக்கு பிம்பத்துக்குப் பின்னாடி வாழ்க்கை இன்னும் இருக்கு.

பூத்ரியார் எடுத்துக்கிட்ட கேஸே அமெரிக்க டிவி தொடர் ஒண்ணுல வந்த லவுட்ங்கற நிஜக் குடும்பம். 1971-ல ஏழு மாசம் ஷூட்டிங், 300 மணி நேரம், ஸ்கிரிப்டே கிடையாது, அந்த அம்மா புருஷன வீட்ட விட்டுப் போன்னு சொன்னதுகூட கேமரா முன்னாடிதான். கேமரா இல்லேன்னா பிரிஞ்சிருப்பாங்களான்னா பதிலே கிடையாது, அதுதான் விஷயம்.

உங்க உதாரணத்துல கேமரா இல்லேன்னு வச்சுப் பாருங்க. போட்டோவுக்குன்னே போன ட்ரிப்னா, கேமரா இல்லேன்னா ட்ரிப்பே இல்ல, அப்போ பூத்ரியார். ஃபிரேமுக்கு வெளிய கடனும் அழுக்குத் துணியும் கிடந்தா டெபோரே போதும்.

ஆனா எடிட்டிங்ல ரெண்டு பேச்ச ஒட்டி ஒரே வாக்கியமாக்குறதுக்கு இந்தத் தியரி ரெண்டுமே வேணாம், அத மோசடின்னே எழுதுங்க.